என் மகளின் ரிஷபம் யார் காதில் விழுகிறது? எங்கள் சங்கீதப் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கும் வயலின் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். தை மாதத்திலிருந்து வகுப்புகளை மாற்றி அமைக்கப் போவதாகச் சொல்லி, பெற்றோருக்கு ஒரு படிவம் தந்திருக்கிறீர்கள். சனிக்கிழமை காலைக் குழு வகுப்பா, கிழமை நாளில் தனி வகுப்பா, இரண்டில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும். குழு வகுப்பு ஒரு மணித்தியாலம், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். தனி வகுப்பு நாற்பது நிமிடம், கட்டணம் ஏறக்குறைய நான்கு மடங்கு. என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். போன விஜயதசமியில் உங்களிடம்தான் வில்லைப் பிடித்தாள். இதுவரை குழுவில் இருந்தவளைத் தனி வகுப்பு ஒன்றிலும் இருத்திப் பார்க்க இடம் தந்தீர்கள், நன்றி. பார்த்த பிறகும் அந்தப் படிவத்தில் எதற்குச் சரி போடுவது என்று எனக்கு முடிவு வரவில்லை. உவர்மலையிலும் உப்புவெளியிலும் இதே படிவத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிற பெற்றோர் இருப்பதால் எல்லோரும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நானும் பள்ளிக்கூட நாட்களில் வயலின் படித்து, வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் சிலவற்றைத் தாண்டியவள். கச்சேரி வாசிக்கிற அளவு இல்லை. ஆனால் பிள்ளை வீட்டில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாசித்தால் எந்த ஸ்வரம் இடம் தவறுகிறது என்று கேட்கத் தெரியும். அப்படிக் கேட்டதில்தான் இந்தக் கடிதமே தொடங்குகிறது.

வழக்கம்போல மாயாமாளவகௌளையில்தான் தொடங்கியிருக்கிறாள். வாயால் பாடுகிறவருக்கு அது இலகுவான இராகம். ஸ்வரங்கள் இரண்டு இரண்டாக நெருங்கி நிற்கும், இரண்டு பாதியும் ஒரே அமைப்பு. வயலினில் ஒரு சின்னக் கைக்கு அது அவ்வளவு இலகு இல்லை. இரண்டாவது தந்தியைத் திறந்து வாசித்தால் ஸ. அதற்கு ஒட்டினாற்போல், விரற்பலகையின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் சுட்டுவிரலை வைத்தால் ரி, அதாவது சுத்த ரிஷபம். அடுத்தது அந்தர காந்தாரம், அது தள்ளி இருக்கிறது. நடுவிரல் நன்றாக எட்ட வேண்டும். அதற்குப் பிறகு மத்திமம், மோதிர விரல் நடுவிரலோடு ஒட்டியே விழும். ஆக முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையில் ஒரு பெரிய இடைவெளி, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இடைவெளியே இல்லை. ஏழு வயதுக் கை இந்த விரிவை விரும்பாது. நடுவிரல் காந்தாரத்தை எட்டப் போகும்போது சுட்டுவிரலும் கூடவே நகர்ந்து போய்விடும்.

என் மகளுக்கு நடந்தது அதுதான். ஸ ரி, ஸ ரி என்று மட்டும் வாசிக்கச் சொன்னால் ரிஷபம் சரியாக விழுகிறது. ஸ ரி க ரி என்று வாசிக்கச் சொன்னால் போகும்போது சரி, திரும்பி வரும்போது ரிஷபம் மேலே ஏறி நிற்கிறது. கிட்டத்தட்ட அதற்கு அடுத்த படியான சதுஸ்ருதி ரிஷபம். சில நேரம் சுட்டுவிரல் பிடிவாதமாக நின்றுவிடும், அப்போது காந்தாரம் எட்டாமல் கீழே தொங்கும். சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு அவளைத் தனியாக வாசிக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் இது தெரிந்துவிடும். உங்கள் வகுப்பில் பல மாதங்களாகத் தெரியவில்லை. ஆசிரியருக்குக் காது இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பதினொரு வயலின்கள் ஒன்றாகச் சரளி வரிசை வாசிக்கும்போது எந்தக் காதுக்கும் ஒரு பிள்ளையின் ரிஷபம் மட்டும் பிரிந்து கேட்காது. அதைவிட மோசம், அந்தப் பிள்ளைக்கே தன் ரிஷபம் கேட்காது. பக்கத்திலிருக்கும் அக்கா சரியாக வாசிக்கிறாள், அந்தச் சத்தம் காதில் விழுகிறது, தானும் சரியாக வாசிப்பதாகவே அவள் நினைக்கிறாள்.

வாய்ப்பாட்டு வகுப்பாக இருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இருக்காது. தன் குரல் எலும்பு வழியாகவும் உள்ளுக்குள் கேட்கும், கூட்டத்தில் பாடினாலும் முழுதாக மறைந்துவிடாது. வாய்ப்பாட்டுக்கென்றால் இந்த வயதில் குழு வகுப்புக்கே நான் கண்ணை மூடிக்கொண்டு சரி போடுவேன். வயலின் வேறு.

அப்புறம் சுருதி சேர்க்கிற நேரம். பதினொரு வயலின், ஒவ்வொன்றுக்கும் நான்கு தந்தி. கடலோர ஊரில் இருக்கிறோம். மாரியில் தந்தியை முறுக்கும் பிரடைகள் ஊதி இறுகி அசைய மறுக்கும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காய்ந்து வழுக்கி, சேர்த்து வைத்த தந்தி பாட்டின் நடுவே இறங்கிவிடும். ஆசிரியர் ஒருவரே எல்லாவற்றையும் சேர்த்து முடிக்க, ஒரு மணித்தியாலத்தில் இருபது நிமிடம் போய்விடுகிறது. அந்த நேரம் மற்றப் பிள்ளைகள் வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டோ, ஒருவரை ஒருவர் வில்லால் குத்திக்கொண்டோ இருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சுருதியின் உயரமும் ஒரு சிக்கல். மகளுடையது கால் அளவு வயலின், பெரிய பிள்ளைகளுடையது முழு அளவு. எல்லோரும் ஒன்றாக வாசிக்க வேண்டும் என்பதற்காக முழு அளவுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் சேர்த்தால், சின்ன வயலினின் குட்டைத் தந்திகள் தளர்ந்துவிடுகின்றன. வில்லைக் கொஞ்சம் அழுத்தினாலே ஸ்வரம் ஆடும். கொஞ்சம் உயர்ந்த சுருதியான 5 கட்டையில் சேர்த்தால் சின்ன வயலின் நன்றாகப் பேசும். கடையில் வாங்கும் வழக்கமான தந்தித் தொகுதியில் கீழ் இரண்டையும் அப்படியே விட்டு, மேல் இரண்டை ஒவ்வொரு முழு ஸ்வர அளவு இறக்கினால் போதும். இறுக்கமும் போகாது. குழுவைப் பிரிக்கும்போது வயதைவிட வயலினின் அளவைப் பார்த்துப் பிரித்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

சரி, அப்படியானால் தனி வகுப்புக்குச் சரி போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தனி வகுப்பில் நான் பார்த்ததையும் சொல்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் அருமை. ஆசிரியர் தன் வயலினை மடியில் வைத்துவிட்டு அவளை மட்டும் வாசிக்கச் சொன்னார். ரிஷபத்தை உடனே பிடித்துவிட்டார். நான் நினைத்த மாதிரி 'சுட்டுவிரலை நகர்த்தாதே' என்று அதட்டவில்லை. முதலில் மத்திமத்தையும் காந்தாரத்தையும் ஒட்டி வைக்கச் சொல்லி, அந்த இரண்டு விரலும் நிற்கும்போதே சுட்டுவிரலைப் பின்னுக்கு இழுத்து ரிஷபத்தில் வைக்கப் பழக்கினார். முன்னுக்கு எட்டுவதைவிடப் பின்னுக்கு இழுப்பது சின்னக் கைக்கு இலகு என்பது அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ம க ரி, ம க ரி என்று சில தடவை. சரியாக விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் தன் வயலினை எடுத்து அவளுடன் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். குழு வகுப்பில் நடந்த அதே விஷயம் இங்கேயும் நடந்தது. முழு அளவு வயலின், தேர்ந்த கை, பலமான நாதம். அதற்கு அடியில் அவளுடைய சின்ன வயலின் கேட்கவே இல்லை. பத்து நிமிடம் கழித்து அவர் நிறுத்தி, அவளைத் தனியாக வாசிக்கச் சொன்னபோது ரிஷபம் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. தாளமும் அப்படித்தான். அவள் ஆதி தாளத்தை எண்ணவே இல்லை, ஆசிரியரின் வில் எப்போது திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு மயிரிழை பிந்தித் திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தினால் அவளும் நின்றாள்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு அவளிடம் சக்தி இல்லை. சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் நிறுத்தி, முதுகை நிமிர்த்தி உட்காருவது பெரியவர்களுக்கே வலிக்கும். கால் அளவு வயலின் அவ்வளவு தூரம் நீளாது, அதனால் அவள் முன்னுக்குக் குனிந்து குனிந்துதான் கணுக்காலைத் தொட வைக்கிறாள். குழுவில் மற்றவர்கள் வாசிக்கும்போது மூச்சுவிடலாம். தனி வகுப்பில் அந்த இடைவெளி இல்லை. வயலின் வழுக்குகிறது, வில் குதிரைக்குச் சமாந்தரமாகப் போகாமல் விரற்பலகைப் பக்கம் சரிகிறது, நாதம் காற்றுப்போன மாதிரி வருகிறது. கடைசி இருபது நிமிடம் அவள் தவறாக வாசிக்கத்தான் பழகினாள் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். அந்தக் கடைசி இருபது நிமிடத்துக்கும் நாங்கள் நான்கு மடங்கு கட்டணம் கொடுக்கிறோம்.

குழு வகுப்பின் பங்கையும் மறைக்கக் கூடாது. அவளுக்கு இரண்டாம் காலம் வந்தது குழுவில்தான். வீட்டில் நான் எத்தனையோ விதமாகச் சொல்லியும் முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம் வாசித்தவள், இரண்டாம் காலத்துக்குப் போகும்போது தாளத்தையும் சேர்த்து வேகமாக்கிவிடுவாள். சின்னப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற பிழை. வகுப்பில் பாதிப் பேர் வயலினைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போட்டு ஸ்வரம் பாட, மற்றப் பாதி வாசித்தபோது, அந்தத் தாளம் அவளுக்காக ஓடவில்லை. ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம் அடங்கித்தான் ஆக வேண்டும் என்று உடம்பே பிடித்துக்கொண்டது. ஒற்றை ஆசிரியர் பிள்ளைக்காகத் தாளத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுப்பார், கை தட்டும் ஆறு பிள்ளைகள் அப்படி நீட்ட மாட்டார்கள்.

ஆகவே என் கணக்கு இப்படிப் போகிறது. ஒரு வகுப்பில் பிள்ளை யாருடைய சத்தமும் மேலே இல்லாமல் தனியாக வாசித்து, அதை ஆசிரியர் கேட்ட நேரம் எவ்வளவு? குழு வகுப்பில் இரண்டு நிமிடம்கூட இல்லை. தனி வகுப்பில் நாற்பதில் பத்து நிமிடம் இருக்கலாம். பிள்ளை தாளத்தைத் தானே தாங்கிய நேரம் எவ்வளவு? குழுவில் தாராளம், தனியில் ஏறக்குறைய எதுவும் இல்லை. உங்கள் படிவம் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று விலையாக வைத்து, ஒன்றை விட்டு ஒன்றை எடு என்கிறது. அதனால்தான் என்னால் சரி போட முடியவில்லை.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது புதிய யோசனை இல்லை. யப்பானில் சுசுகி ஷினிச்சி சின்னப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய வயலின் முறையில் கிழமைக்கு ஒரு தனி வகுப்பு, அதோடு அவ்வப்போது குழு வகுப்பு, தாயோ தந்தையோ வகுப்பில் கூட இருப்பது, மூன்றும் ஒன்றாகவே வரும். நமக்கு அந்த முறையின் பாட்டுகள் தேவையில்லை, பணமும் கட்டாது. ஆனால் அந்தப் பிரிப்பை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான் கேட்பது இரட்டை வகுப்பு. ஒரே அளவு வயலின், ஏறக்குறைய ஒரே பாடத்தில் நிற்கும் இரண்டு பிள்ளைகள். நாற்பது நிமிடம். இருவரும் சுருதி சேர்த்த வயலினோடு வர வேண்டும், அது பெற்றோரின் பொறுப்பு. கைபேசியில் சுருதி காட்டும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. பிரடையைத் தொடப் பயமென்றால் வால்துண்டில் உள்ள சின்னத் திருகுகளால் சேர்க்கப் பழகலாம். நான்கு தந்திக்கும் அந்தத் திருகைப் போட்டுத்தரச் சொல்லி வயலின் திருத்துபவரிடம் கேட்டால் பெரிய செலவில்லை. அப்படி வந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் சரி பார்த்துவிடுவார்.

பிறகு ஒரு பிள்ளை பத்து நிமிடம் தனியாக வாசிக்கும். ஆசிரியர் தன் வயலினைத் தொடக்கூடாது. தயவுசெய்து இதை எழுத்திலேயே வையுங்கள். காட்டிக்கொடுக்க வேண்டுமானால் தான் வாசித்துக் காட்டிவிட்டு நிறுத்தலாம், கூடவே வாசிப்பது வேண்டாம். அந்தப் பத்து நிமிடமும் மற்றப் பிள்ளை சும்மா இருக்காது. தாளம் போட்டு ஸ்வரம் பாடும். அதனால் வாசிக்கிற பிள்ளைக்குத் தாளம் ஆசிரியரின் வில்லிலிருந்து வராமல் இன்னொரு பிள்ளையின் கையிலிருந்து வரும். பாடுகிற பிள்ளைக்குக் கை, முதுகு இரண்டுக்கும் ஓய்வு. அதோடு இன்னொரு நன்மையும் உண்டு. தன் ரிஷபம் ஏறியதைக் கேட்காத பிள்ளை, அடுத்தவளின் ரிஷபம் ஏறினால் உடனே முகத்தைச் சுளிக்கும். வாயால் சுத்த ரிஷபத்தைப் பாடிக்கொண்டே வயலினில் வேறொன்றைக் கேட்கும்போது அந்த வித்தியாசம் தப்பாது. பிறகு மாறி வாசிப்பது. மிச்சமிருக்கும் நேரம் இருவரும் சேர்ந்து வாசித்து முடிக்கட்டும்.

சனிக்கிழமைக் குழு வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை எல்லோரும் கூடுவது போதும். அன்று மூன்று காலமும் வாசிக்கட்டும், நவராத்திரிக்கும் ஆண்டு விழாவுக்கும் வேண்டியதை ஒத்திகை பார்க்கட்டும். விழாவில் முப்பது பிள்ளைகள் ஒரே நிறப் பாவாடை சட்டையில் வரிசையாக இருந்து வாசிப்பது பார்க்க அழகுதான், படம் எடுக்க நானும் முன்வரிசைக்கு ஓடுவேன். ஆனால் அந்த மேடைக்காக ஒரு தவணை முழுவதையும் கூட்டு வாசிப்பில் கழிப்பது ஏழு வயதுக்காரருக்குச் சரியில்லை.

கட்டணத்தையும் உங்கள் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். தனி வகுப்புக் கட்டணத்தை இரண்டு வீடும் பிரித்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்குக் குழுக் கட்டணத்தின் இரண்டு மடங்கு வரும். ஆசிரியருக்கு நாற்பது நிமிடத்துக்குக் கிடைப்பது குறையாது. குழுவில் பதினொரு பேர் கட்டுவதோடு ஒப்பிட்டால் பள்ளிக்கு வரும்படி குறையும், அது உண்மை. எல்லா வயதினருக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. தொடக்கப் பிள்ளைகளுக்கு மட்டும், சரளிக்கு அடுத்து வரும் ஜண்டை வரிசை முடியும் வரைக்கும். அதற்குள் கை தன் இடத்தைப் பிடித்துவிடும். அதற்குப் பிறகு குழுவில் இருந்தாலும் இவ்வளவு கெடாது.

இதிலும் ஓட்டை இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் தனியாக நாற்பது நிமிடம் இருக்க வேண்டிவரும். அன்றைக்கு இருபது நிமிடத்தோடு விட்டுவிடுங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம். ஒருத்தி கெதியாக ஓடி மற்றவள் பின்தங்கினால் சோடியை மாற்ற வேண்டும். இது பெற்றோருக்கு இடையில் மனவருத்தத்தைக் கொண்டுவரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தவணைக்கு ஒருமுறை சோடி எப்படியும் மாறும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் அதைத் தங்கள் பிள்ளைக்கான தீர்ப்பாக எடுக்க மாட்டார்கள். தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தனி வகுப்புத்தான் வேண்டியிருக்கும், அதற்கு நான் எதிர்ப்பில்லை.

கொஞ்சம் அவசரமும் இருக்கிறது. நான்காம் வகுப்புக்கு வந்ததும் இந்தப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் ரியூசன் பிடித்துக்கொள்ளும். சனி, ஞாயிறு இரண்டும் போய்விடும். அந்த நேரத்தில் ஏறிய ரிஷபத்தை இறக்கிக்கொண்டிருக்கிற பிள்ளை வயலினை விட்டுவிடும். இராகமே சரியாகக் கேட்காத பிள்ளைக்கு அதில் என்ன சுகம் இருக்கப் போகிறது?

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு பெட்டியிலும் சரி போடவில்லை. கீழே 'இரட்டை வகுப்பு' என்று எழுதி, கால் அளவு வயலின், 5 கட்டை, சரளி வரிசை ஆறாவது என்று குறித்திருக்கிறேன். அதே அளவு வயலினோடு அதே இடத்தில் நிற்கும் ஒரு பிள்ளையின் அம்மாவுடன் ஏற்கனவே கதைத்துவிட்டேன், அவரும் அப்படியே எழுதித் தருவார். செவ்வாய் அல்லது வியாழன் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் வசதி. ஒரு தவணைக்குப் பரீட்சார்த்தமாக நடத்திப் பாருங்கள். தவணை முடிவில் இருவரையும் தனித்தனியாக, சுருதிப்பெட்டியோடு, ஸ ரி க ரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வரும் ரிஷபம் இடத்தில் நிற்கவில்லை என்றால் நீங்கள் சொல்கிற பெட்டியில் சரி போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
உவர்மலை, திருகோணமலை